பாதியில் நின்ற ரூஃப் கான்கிரீட்: ஜாயின்ட்டை எங்கே விடுவது?

காலை ஏழு மணிக்கு ரூஃப் கான்கிரீட் தொடங்குகிறது. பத்தே முக்காலுக்கு மிக்சர் மெஷின் நின்றுவிடுகிறது. வேறு மெஷின் வர மதியம் மூன்று மணியாகும், அதுவும் உறுதியில்லை. போட்ட கான்கிரீட்டின் விளிம்பு இரண்டாவது பீமைத் தாண்டி ஓர் அடிக்குச் சற்று மேலே நிற்கிறது. மேஸ்திரி வழக்கமாகச் சொல்வதைச் சொல்கிறார்: "சார், பீம் ஓரமா வெட்டி நிறுத்திடலாம். கீழ பீம் இருக்கு, கெட்டியா உட்கார்ந்துக்கும். நாளைக்கு சிமெண்ட் பால் ஊத்தித் தொடங்கிக்கலாம்."

இந்த யோசனையில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அவை என்ன, அந்த நிலையில் எதைச் செய்திருக்க வேண்டும் என்பதை ஒரு வீட்டின் அளவுகளை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். நம்மூர் வீடுகளில் வழக்கமாக வரும் அளவுகளைக் கொண்டு அமைத்த மாதிரி நிகழ்வு இது.

தளத்தின் அளவு

நீளம் 12 மீட்டர், அகலம் 9 மீட்டர். நீளவாக்கில் நான்கு நான்கு மீட்டராக மூன்று கட்டம், அகலவாக்கில் நாலரை மீட்டராக இரண்டு கட்டம். ஆக 12 தூண்கள். ஸ்லாப் 125 மி.மீ. கனம். பீம்கள் எல்லாம் 230 மி.மீ. அகலம், ஸ்லாப்பையும் சேர்த்து 450 மி.மீ. ஆழம். குறுக்கு பீம்கள் 0, 4, 8, 12 மீட்டரில் இருக்கின்றன. நீள பீம்கள் மூன்று: இரண்டு ஓரங்களிலும் நடுவிலும்.

ஸ்லாப்புக்கு 13.5 கன மீட்டர், பீம்களின் கீழ்ப்பகுதிக்கு 5.4 கன மீட்டர், மொத்தம் ஏறக்குறைய 19 கன மீட்டர். எம்20, அதாவது 1:1½:3 கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை என்றால் 150 மூட்டை சிமெண்ட். ஒரு மூட்டை மிக்சரும் லிஃப்ட்டும் தடையில்லாமல் ஓடினால் மணிக்கு 2 கன மீட்டர் வரும். மாலை ஐந்து மணி வாக்கில் முடியவேண்டிய வேலை.

கான்கிரீட்டை 12 மீட்டர் திசையில் நகர்த்திக்கொண்டு போகிறார்கள். அதாவது விளிம்பு எப்போதும் 9 மீட்டர் நீளம்தான். இது சரியான முடிவு. ஒரு மீட்டர் அகலப் பட்டை போட, பீமையும் சேர்த்து 1.35 கன மீட்டர் வேண்டும், அதற்கு 40 நிமிடம் ஆகும். பட்டையின் ஒரு முனையில் போட்ட கான்கிரீட்டுக்கு அடுத்த பட்டை வந்து சேர அவ்வளவு நேரம்தான். மறு திசையில் நகர்த்தியிருந்தால் விளிம்பு 12 மீட்டராகி, இந்த நேரம் ஒரு மணியை நெருங்கிவிடும்.

பத்தே முக்காலுக்கு 58 மூட்டை தீர்ந்திருக்கிறது. கான்கிரீட் 4.4 மீட்டர் வரை வந்திருக்கிறது.

முதல் கேள்வி: இது ஜாயின்ட்டா, வெறும் இடைவெளியா?

எல்லா இடைநிறுத்தமும் ஜாயின்ட் ஆகிவிடாது. பழைய கான்கிரீட் இன்னும் இளகிய நிலையில் இருந்தால், புதுக் கான்கிரீட்டை அதன்மேல் சேர்த்துப் போட்டு, வைப்ரேட்டர் ஊசியை இரண்டிலும் இறக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படிச் சேர முடியாத அளவுக்கு இறுகியபின், எந்த ஏற்பாடும் இல்லாமல் மேலே புதிதாகப் போட்டால் வருவதுதான் கோல்டு ஜாயின்ட். திட்டமிட்டு, பலகை வைத்து, முகத்தைத் தயார் செய்து விடுவது கன்ஸ்ட்ரக்ஷன் ஜாயின்ட். ஒன்று விபத்து, மற்றது வேலை.

எத்தனை நிமிடம் வரை பொறுக்கலாம் என்று கடிகாரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வெயில், காற்று, சிமெண்ட் வகை, கலவையில் இருக்கும் தண்ணீர் என எல்லாமே அந்த நேரத்தை மாற்றும். தளத்தில் செய்யக்கூடிய சோதனை எளிது. ஓடிக்கொண்டிருக்கும் ஊசியை விளிம்பில் வையுங்கள். அழுத்தாமல் தன் எடையிலேயே அது உள்ளே இறங்க வேண்டும். மெதுவாக வெளியே எடுக்கும்போது அந்தத் துளை தானாக மூடிக்கொள்ள வேண்டும். இரண்டும் நடந்தால் கான்கிரீட் உயிரோடு இருக்கிறது, தொடரலாம். ஊசி இறங்க மறுத்தாலோ, இறங்கிய துளை மூடாமல் கிணறு மாதிரி நின்றாலோ நேரம் முடிந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் மொத்தமாகக் கிளம்புவதும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. பட்டை நேரம் 40 நிமிடம், சாப்பாடு ஒரு மணி நேரம் என்றால் விளிம்பின் பழைய முனை 100 நிமிடம் வெயிலில் காய்கிறது. மார்கழியில் தாங்கலாம், சித்திரை வெயிலில் தாங்காது. ஆட்களை இரண்டு பிரிவாகச் சாப்பிட அனுப்பி, பாதி வேகத்திலாவது மிக்சரை ஓட விடுவதே வழி. ரூஃப் முழுவதும் நன்றாக இருந்து, குறுக்கே ஒரே ஒரு நேர்கோட்டில் மட்டும் ஒழுகும் வீடுகளில் அந்தக் கோடு பல நேரங்களில் சாப்பாட்டு நேரம்தான்.

நம் நிகழ்வில் மூன்று மணிவரை, அதாவது நாலேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அது நிச்சயம் ஜாயின்ட். எனவே அடுத்த கேள்வி: எங்கே?

பீம் ஓரம் ஏன் கூடாது

ஒரு கொத்தனார் ஏழெட்டுச் செங்கற்களை வரிசையாகச் சேர்த்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் நெருக்கித் தூக்குவதைப் பார்த்திருப்போம். செங்கற்களுக்கு நடுவில் பசையே இல்லை. இருந்தும் வரிசை நிற்கிறது, ஏனென்றால் முகங்கள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. பிடி தளர்ந்தால் வரிசை வளைந்து உடைவதில்லை, ஒரு கல் இன்னொன்றின் மேல் சறுக்கி விழுகிறது.

செங்குத்தான ஜாயின்ட்டும் இப்படித்தான். முகத்தை முகம் அழுத்தும் விசையை அது நன்றாகத் தாங்கும். ஒரு முகம் மற்றதன்மேல் சறுக்கப் பார்க்கும் விசையை, அதாவது ஷியரை, தாங்குவதில்தான் அதன் பலவீனம். பீமின் நடுவில் வளைவு விசை அதிகம்தான். ஆனால் அங்கே மேற்பகுதி அழுத்தத்தில் இருக்கிறது, ஜாயின்ட் அதைக் கடத்திவிடும். கீழ்ப்பகுதியில் இழுவிசை; அதைக் கான்கிரீட் தாங்குவதாக டிசைனில் கணக்கிடுவதே இல்லை, கம்பிதான் தாங்குகிறது. கம்பி அறுபடாமல் ஜாயின்ட்டைக் கடந்து போகும்வரை நடுவில் இழப்பு சிறியது.

ஷியர் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. தாங்கும் இடத்தில் உச்சம், நடுவில் பூஜ்யம். நடு நீள பீமின் மேல் ஸ்லாப், தரை ஓடு, மாடிச் சுவர் எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 3 டன் சுமை சீராகப் பரவியதாக வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் கட்டத்தில் தாங்கும் இடத்தின் ஷியர் 6 டன். மேஸ்திரி நிறுத்தச் சொல்லும் இடம், பீம் மையத்திலிருந்து 0.4 மீட்டர். அங்கே ஷியர் 4.8 டன், உச்சத்தில் 80 சதவீதம். 1.5 மீட்டர் தள்ளிப் போனால் அது 1.5 டன், அதாவது நாலில் ஒன்று. கீழே பீம் இருப்பதால் கெட்டியாக உட்காரும் என்பது கண்ணுக்குத் தெரியும் தர்க்கம். கீழே தாங்கல் இருப்பதாலேயே சுமை எல்லாம் அங்கே வந்து சேர்கிறது, சறுக்கும் விசை அங்கேதான் மிக அதிகம்.

இன்னொரு பழக்கமும் உண்டு: கட்டத்தின் நாலில் ஒரு பங்கில் நிறுத்துவது. தொடர் பீமில் ஏறக்குறைய அந்த இடத்தில் வளைவு விசை பூஜ்யத்தைக் கடக்கிறது, கிராங்க் கம்பியும் அங்கேதான் மடங்குகிறது, அதனால் பாதுகாப்பான இடம் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஜாயின்ட்டைக் கெடுப்பது வளைவு அல்ல, ஷியர். நாலில் ஒரு பங்கில் ஷியர் இன்னும் உச்சத்தில் பாதி, நம் பீமில் 3 டன். மூன்றில் ஒரு பங்கில் அது மூன்றில் ஒன்றாகக் குறைகிறது.

அமெரிக்க ஏசிஐ 318 விதித்தொகுப்பு, தளங்களில் ஜாயின்ட்டை ஸ்லாப், பீம் கட்டங்களின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்கச் சொல்லி வந்திருப்பது இதனால்தான். நம் ஐஎஸ் 456:2000 எந்தப் பின்னத்தையும் சொல்லவில்லை. ஜாயின்ட் பலவீனமான இடம், இயன்றவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் அதன் இடத்தை டிசைனர் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்கிறது. வீட்டு வரைபடங்களில் இந்தக் கோடு பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால்தான் பத்தே முக்காலுக்கு மேஸ்திரி முடிவெடுக்க வேண்டியதாகிறது, அந்தச் சுமையை அவர் தலையில் வைப்பது நியாயமில்லை.

ஒரு விதிவிலக்கை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரிய பீமின் நடுவில் சிறிய பீம் வந்து சேர்ந்தால், அந்த இடத்தில் சுமை ஒரே புள்ளியில் இறங்குகிறது. அங்கே ஜாயின்ட் விடக்கூடாது. சிறிய பீமின் அகலத்தைப் போல இரு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும்: 230 மி.மீ. பீம் என்றால் 460 மி.மீ. அந்தத் தள்ளிய இடத்தில் ஷியர் பூஜ்யமாக இருக்காது, எனவே டிசைனரைக் கேட்டு, பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையமான ஸ்டிரப்பை நெருக்க வேண்டும். நம் தளத்தில் அப்படிச் சேரும் பீம் இல்லை.

4.4 மீட்டரிலிருந்து எங்கே போவது

இரண்டாம் கட்டம் 4 முதல் 8 மீட்டர் வரை. அதன் நடு மூன்றில் ஒரு பங்கு 5.33 முதல் 6.67 வரை. குறிக்கோள் 5.5 மீட்டர். இன்னும் 1.1 மீட்டர் போக வேண்டும்: ஒன்றரை கன மீட்டர், 12 மூட்டை.

பின்வாங்கினால்? முதல் கட்டத்தின் நடுப் பங்கு 2.67 மீட்டரில் முடிகிறது. அங்கே போக, கம்பிக்கு இடையிலிருந்து 3 கன மீட்டருக்கு மேல் கான்கிரீட்டை வாரி எடுக்க வேண்டும், அதில் ஒரு முழு குறுக்கு பீமும் அடக்கம். அதன் பழைய பகுதி ஒன்றரை மணி நேரத்துக்கு முன் போட்டது. சுத்தமாக எடுக்க முடியாது, எடுக்கும்போது கம்பியும் கவர் பிளாக்கும் கலையும். எனவே முன்னேறுவதுதான் வழி, கையால் கலந்து.

கைக்கலவை என்றால் இரும்புத் தகடு அல்லது சிமெண்ட் பூசிய கெட்டித் தரையில், மூட்டைக்கு 5 கிலோ சிமெண்ட் கூடுதலாகச் சேர்த்து. மணலும் சிமெண்டும் நிறம் ஒன்றாகும்வரை காய்ந்த நிலையில் புரட்டி, பிறகு ஜல்லி, பிறகு தண்ணீர். அவசரத்தில் தண்ணீரைக் கூட்டுவது இந்த நேரத்தில்தான் நடக்கும். ஒருவர் அதைக் கண்காணிக்க வேண்டும், ஏனென்றால் ஜாயின்ட் முகமாக நிற்கப்போவது இந்தக் கலவைதான்.

இரண்டு தகடு வைத்து எல்லாரும் இறங்கினால் 12 மூட்டையை முடிக்க ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் 4.4 மீட்டரில் இருக்கும் விளிம்பு இறுகிவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் போடும் வரிசை முக்கியம். ஒரு மூலையிலிருந்து 5.5 வரை நிரப்பிக்கொண்டு போகக்கூடாது. முதல் மூன்று, நான்கு மூட்டைக் கலவையை 9 மீட்டர் விளிம்பு முழுவதும் ஓர் அடி அகலத்துக்குப் போட்டு, ஊசியைப் பழைய கான்கிரீட்டுக்குள்ளும் இறக்கித் தைத்துவிட வேண்டும். இருபத்தைந்து நிமிடத்தில் பழைய விளிம்பு மூடப்பட்டுவிடும். அதன்பின் மீதியை அதே மாதிரி பட்டையாக நகர்த்தலாம்.

இதே நேரத்தில் தச்சர் பலகையைத் தயார் செய்கிறார்.

நிறுத்தப் பலகை

கான்கிரீட்டை அதன் போக்கில் சரிவாக விட்டுவிட்டு மறுநாள் தொடர்வது பல தளங்களில் பார்க்கும் காட்சி. அந்தச் சரிவின் அடிநுனி அரை அங்குலத்துக்கும் மெல்லியதாக முடிகிறது. அங்கே ஜல்லி இருக்காது, பாலும் மணலும் மட்டும்தான். அது நொறுங்கும், பெயரும். மேலும் சரிந்த முகத்தில் அழுத்தம் வரும்போது மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஏறிச் சறுக்கப் பார்க்கும். முகம் செங்குத்தாக, உறுப்பின் நீளத்துக்கு நேர் குறுக்காக இருக்க வேண்டும். அதற்குப் பலகை இல்லாமல் முடியாது.

ஸ்லாப்பில் பலகை இரண்டு துண்டாக வரும். கீழே கவர் கனத்துக்கு, அதாவது 20 மி.மீ. ரீப்பர். அதன்மேல் கம்பி உட்காருகிறது. கம்பி 150 மி.மீ. இடைவெளி என்றால், மேல் பலகையின் அடியில் 150 மி.மீ.க்கு ஒரு காடி வீதம் சீப்பு மாதிரி வெட்டி, கம்பியின் மேலிருந்து இறக்கிவிட வேண்டும். சந்துகளில் சாக்குத் துணியைத் திணித்தால் பால் ஒழுகாது. பால் ஒழுகினால் ஜாயின்ட் முகத்தில் வெறும் ஜல்லிதான் மிஞ்சும். பலகை, அதற்கு இணையாக ஓடும் கம்பியின்மேல் விழாமல் இரண்டு கம்பிக்கு நடுவில் வரும்படி பார்க்க வேண்டும். நம் ஜாயின்ட் 5.5 என்றாலும் ஐந்து செ.மீ. இப்படி அப்படி நகர்வதில் தவறில்லை.

பீமில் அகலம் 230 மி.மீ.தான் என்பதால் செங்குத்துப் பட்டிகளாக வெட்டிக் கம்பிகளுக்கு இடையே செருகுவது எளிது. பட்டியைப் பின்பக்கம் ஒரு முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும், இல்லையென்றால் 450 மி.மீ. உயரக் கான்கிரீட்டின் தள்ளலில் சாய்ந்துவிடும். ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் 75 மி.மீ. தள்ளி ஒவ்வொரு ஸ்டிரப் கூடுதலாகக் கட்டிவிடுவது நல்லது. கம்பியை எக்காரணம் கொண்டும் அறுக்கவோ மடக்கவோ கூடாது.

பீமை ஸ்லாப்பின் அடிமட்டம் வரை மட்டும் நிரப்பிவிட்டு ஸ்லாப்பை நாளை போடுவது என்பது வேறு ரகத் தவறு. ஸ்லாப்பும் பீமும் சேர்ந்து ஒரே உறுப்பாக வேலை செய்வதாகத்தான் கணக்கு. நடுவில் கிடைமட்டமாக ஒரு கோடு விழுந்தால் நீளம் முழுக்கச் சறுக்கும் விசை அந்தக் கோட்டில் வருகிறது. டிசைனர் அதற்கென ஸ்டிரப் கொடுத்திருந்தால் ஒழிய அப்படி நிறுத்தக்கூடாது. நம் நிகழ்வில் நீள பீம் மூன்றும் ஸ்லாப்போடு சேர்ந்து 5.5இல் ஒரே கோட்டில் நிற்கின்றன.

பால்கனி, சன்ஷேட் போலச் சுவருக்கு வெளியே நீளும் பகுதி இருந்தால் அதன் அடிவாரத்தில், சுவர் முகத்தில், ஜாயின்ட் அறவே கூடாது. அங்கே வளைவும் ஷியரும் இரண்டும் உச்சத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. வெளியே நீளும் பகுதியும் அதன் பின்கட்டத்தின் பாதியும் ஒரே நாளில் போக வேண்டும்.

அன்று மாலையும் மறுநாள் காலையும்

பன்னிரண்டரை மணிக்குப் பலகைவரை நிரம்பிவிட்டது. மாலைவரை காத்திருந்து, கான்கிரீட் இறுகி ஆனால் இன்னும் பச்சையாக இருக்கும்போது பலகையை மெதுவாகக் கழற்றி, முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். முகத்தில் படிந்த மெல்லிய பால் படலம் போய், ஜல்லியின் தலை வெளியே தெரிய வேண்டும், ஆனால் ஜல்லி அசையக்கூடாது. பிரஷ் பட்டு ஜல்லி உதிர்ந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஐஎஸ் 456 சொல்வதும் இதே நேரத்தைத்தான்: ஆரம்ப இறுக்கம் முடிந்த உடனே.

இந்த நேரத்தைத் தவறவிட்டால் மறுநாள் உளியும் சுத்தியலும்தான். ஒரு நாள் கான்கிரீட்டைப் பெரிய சுத்தியலால் கொத்தினால் ஜல்லிகள் உள்ளேயே தளர்ந்துவிடும், பார்வைக்குச் சொரசொரப்பாகத் தெரியும், பிடிப்பு இருக்காது. சின்ன உளியால் மேலோட்டமாகத்தான் கொத்த வேண்டும்.

எவ்வளவு சொரசொரப்பு? மேடு பள்ளம் 6 மி.மீ. அளவுக்கு. ஏசிஐ முறையில் இந்த அளவு சொரசொரத்த முகத்துக்கு உராய்வுக் கெழு 1.0, தயார் செய்யாத முகத்துக்கு 0.6. நம் பீமில் இதன் பொருளைப் பார்க்கலாம். சுமையை 1.5 மடங்காக்கி, Fe 415 கம்பியின் ஈல்டு வலிமையில் 0.87 பங்கை எடுத்தால், 5.5 மீட்டரில் தயார் செய்த முகம் ஷியரைக் கடத்த 62 சதுர மி.மீ. கம்பி போதும். 4.4இல், பலகை எடுத்த வழவழப்பான முகத்தோடு விட்டிருந்தால் 332 சதுர மி.மீ. வேண்டும். பீமின் அடியில் இருக்கும் இரண்டு 16 மி.மீ. கம்பிகளின் மொத்தப் பரப்பே 402தான். இடத்தையும் முகத்தையும் சரியாகச் செய்ததில் கிடைத்த வித்தியாசம் ஐந்து மடங்கு.

மறுநாள் தொடங்குமுன் இன்னும் சில வேலைகள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் ஒட்டிக் காய்ந்த பாலைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தக் கம்பிகளின்மேல் யாரும் நடக்கக்கூடாது. கம்பி ஒவ்வொரு முறை துள்ளும்போதும் ஒரு நாள் கான்கிரீட்டுக்குள் அதைச் சுற்றி நூலிழை இடைவெளி உண்டாகிறது, பின்னால் தண்ணீர் இறங்கும் வழி அதுதான். பலகைப் பாதை போட்டுவிட வேண்டும். பீமின் அடியில் மரத்தூள், சாக்கு நூல், உதிர்ந்த ஜல்லி எல்லாம் ஜாயின்ட் ஓரத்தில்தான் சேர்ந்திருக்கும். அடிப்பலகையில் ஒரு சிறு திறப்பு விட்டுக் கழுவித் தள்ளிவிட்டுப் பிறகு மூட வேண்டும்.

முகத்தை முந்தின இரவிலிருந்தே ஈரமாக வைத்திருந்து, போடுவதற்குச் சற்று முன் தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட வேண்டும். உள்ளே ஈரம் இருக்க வேண்டும், மேலே பளபளப்பு இருக்கக்கூடாது. சிமெண்ட் பால் ஊற்றுவதைப் பொறுத்தவரை, ஊற்றிய சில நிமிடத்துக்குள் கான்கிரீட் வந்து விழுமானால் தீங்கில்லை. காலை ஏழுக்கு ஊற்றி எட்டரைக்குக் கான்கிரீட் வந்தால், காய்ந்த பால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தோலாக நின்று பிடிப்பைக் கெடுக்கும். செங்குத்து முகத்தில் பால் நிற்பதும் இல்லை, வழிந்து அடியில் தேங்குகிறது. அதைவிட நம்பத்தக்க வழி, முதல் இரண்டு கலவையில் ஜல்லியைச் சற்றுக் குறைத்துப் போட்டு, ஊசியை முகத்திலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி இறக்கி, கலவையின் சாந்து முகத்தில் அழுந்தி ஏறும்வரை ஓட்டுவது. மேஸ்திரி சொன்ன இரண்டாவது தவறு இந்தப் பால்தான். முகத்தைக் கழுவாமல் அதன்மேல் பாலை மட்டும் ஊற்றினால் அழுக்குக்கு மேல் பூச்சு பூசியதாகிறது.

முட்டுக்கால் கணக்கு

ஜாயின்ட்டைச் சரியாக விட்ட தளங்களிலும் அடுத்த தவறு இங்கே நடக்கிறது. முதல் நாள் போட்ட பகுதிக்குத் தேதி ஒரு நாள் முந்தியது என்று, அந்தப் பக்கத்து முட்டுக்கால்களை ஒரு நாள் முன்னதாக எடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் பகுதி ஒரு வாரம் தள்ளிப்போன தளத்தில் இது பேராபத்து. 4 முதல் 5.5 வரை உள்ள துண்டு தனியாக நின்றால் அது பீமிலிருந்து ஒன்றரை மீட்டர் வெளியே நீளும் பால்கனி மாதிரி. அதற்கான மேல்கம்பி அங்கே முழுதாகக் கிடையாது.

ஜாயின்ட் விழுந்த கட்டம் முழுவதற்கும் இரண்டாம் நாள் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட்டுக்கு ஐஎஸ் 456 சொல்வது: நாலரை மீட்டர்வரை உள்ள ஸ்லாப்புக்கு முட்டு 7 நாள், 6 மீட்டர்வரை உள்ள பீமுக்கு 14 நாள். இப்போது பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் மெதுவாக வலுவடைவதால் இன்னும் சில நாள் கூட்ட வேண்டும்.

கெட்டுப்போனது எப்படித் தெரியும்

முதல் சோதனை க்யூரிங் பாத்தியிலேயே கிடைக்கிறது. பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கும்போது ஜாயின்ட்டின் அடியில் போய் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரக்கோடு ஒரே நேராகத் தெரிந்தால் முகம் ஒட்டவில்லை. சில மாதம் கழித்து அதே கோட்டில் வெள்ளைப் பூ பூக்கும்: உள்ளே போன தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து காய்வதன் அடையாளம். அதற்குப் பின் பழுப்புக் கறை வந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.

பீமின் பக்கப்பலகையைக் கழற்றியதும் ஜாயின்ட்டின் அடி மூலையைப் பார்க்க வேண்டும். தேன்கூடு போன்ற ஓட்டைகள் வந்தால் அங்கேதான் வரும். சின்னச் சுத்தியலால் கோட்டின் இரண்டு பக்கமும் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும், ஒட்டாத இடம் பொத்தென்றும் கேட்கும்.

நடுப் பங்கில் இருக்கும் ஜாயின்ட்டில் வெறும் ஒழுகல் என்றால் ஊசிமூலம் பியு அல்லது எபாக்சி செலுத்தி அடைத்துவிடலாம். கோடு பீமின் தாங்கல் ஓரத்தில் இருந்து, அதிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பியிருந்தால் அது ஒழுகல் பிரச்சினை அல்ல. முட்டுக்கால்களை எடுக்காமல், எடுத்திருந்தால் திரும்பக் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைக்க வேண்டும். பூச்சு பூசி மறைத்துவிட்டால் அடுத்த முறை பார்க்கும்போது விரிசல் நீண்டிருக்கும்.

முன்கூட்டியே செய்திருக்கக்கூடியது

அன்று பத்தே முக்காலுக்குத் தச்சர் பலகை வெட்டத் தொடங்கியதே தாமதம். இந்தத் தளத்தில் நிறுத்த மிகவும் தகுந்த கோடுகள் மூன்று: 2, 6, 10 மீட்டர், ஒவ்வொரு கட்டத்தின் நடுவும். கம்பி கட்டி முடித்த அன்று மாலையே பக்கப்பலகையில் அந்த மூன்று இடத்திலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒரு வரிசைக்கு வேண்டிய சீப்புப் பலகையும் மூன்று பீமுக்கான பட்டிகளும் வெட்டி ஓரமாக வைத்திருந்தால் போதும். கம்பி இடைவெளி எல்லாக் கட்டத்திலும் ஒன்றே என்றால் ஒரே தொகுதி எந்தக் கோட்டுக்கும் பொருந்தும். ஒரு பிளைவுட்டும் தச்சரின் அரை நாள் கூலியும்தான் செலவு. கூடவே ஒரு தார்ப்பாய், ஓர் உபரி வைப்ரேட்டர் ஊசி, கைக்கலவைக்கு இரண்டு தகடு.

கோடு போட்டிருந்தால் மேஸ்திரிக்கும் வேலை எளிது. எந்த நேரத்திலும் அடுத்த கோட்டுக்கு எத்தனை மூட்டை தூரம் என்று அவரே சொல்லிவிடுவார். அன்று காலை 6 மீட்டர் கோட்டுக்கு 17, 18 மூட்டை இருந்தது; நடுப் பங்கின் விளிம்பைத் தாண்டி 5.5இல் நிறுத்த 12.